அம்மா சொன்ன பூஜ்யம்

ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்குப் புள்ளி என்று பெயர். புள்ளியியல் பிரிவில் ஒற்றை ஆளாகப் பல வருஷம் குப்பை கொட்டியதால் வந்த பட்டம். இளையவர்கள் மரியாதைக்கு ஓர் அக்காவைச் சேர்த்துப் புள்ளியக்கா ஆக்கியிருந்தார்கள். புதிதாக வருகிறவன் எவனாவது "பெரும்புள்ளியா அக்கா?" என்று கேட்டால், "வெறும்புள்ளிப்பா" என்பாள். ஐம்பது தாண்டியாயிற்று. ஜன்னல் இல்லாத அறை, முன்னால் இரண்டு திரைகள், காலடியில் ஓயாமல் இரைகிற ஒரு பழைய மின்விசிறி. உலகத்தை எண்களாக்கிக் கொடுக்கிற வேலை என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். எண்ணாக மாறும்போது மனுஷனிடமிருந்து எது கழன்று விழுகிறது என்று பார்ப்பதுதான் தன் வேலை என்பாள். விழுந்ததை யாரும் குனிந்து பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

அவள் அம்மா ஓர் அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லத்தில் இருந்தாள். குளியலறையில் விழுந்து இடுப்பு உடைந்தபின் மாடிப்படி ஏற முடியவில்லை. மகள் வீடோ நாலாவது மாடியில். "என்னை அங்க விட்டுடுடி, நீ அலையாத" என்று அம்மாதான் சொன்னாள். சொன்னது அம்மா என்றாலும், கொண்டுபோய் விட்டது மகள். அந்த உறுத்தல் அவளுக்கு என்றைக்கும் போகவில்லை. ஞாயிறு தவறாமல் போய் அம்மாவின் நகங்களை வெட்டிவிட்டு வருவாள்.

அந்த அறக்கட்டளைக்கு ஊருக்கு ஒன்றாக நிறைய இல்லங்கள். முதியவர்களின் மனச்சோர்வைப் பற்றி ஓர் ஆய்வு செய்து தரச் சொல்லி நிலையத்திடம் கேட்டார்கள். தூக்கம், பசி, வலி, அழுகை, பிள்ளைகளின் வருகை என்று கேள்வித்தாள் நீண்டுகொண்டே போனது. சமய வாழ்க்கையைப் பற்றிப் புள்ளி ஒன்பது கேள்விகள் எழுதியிருந்தாள். நம்பிக்கையைப் பற்றிச் சில, "நான் இவர்களைச் சேர்ந்தவள்" என்கிற உணர்வைப் பற்றிச் சில, கூட்டு வழிபாட்டுக்குப் போவதையும் தனியாக வேண்டிக்கொள்வதையும் பற்றிச் சில. இயக்குநர் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கெழவங்க தூங்கிடுவாங்க மேடம். இத்தனை எதுக்கு? ஒண்ணு போதும்."

"சார், நம்புறது வேற, சேர்ந்து இருக்கிறது வேற, செய்யிறது வேற. ஒண்ணு இருக்கிற எடத்துல இன்னொண்ணு இருக்கணும்னு அவசியமில்ல."

"எல்லாம் சேர்ந்துதானே பக்தி? அதையே கேட்டுடுங்க. பூஜ்யம் முதல் பத்து வரைக்கும்."

அவள் இன்னும் கொஞ்சம் மல்லுக்கட்டியிருக்கலாம். அன்றைக்கு வேறு மூன்று பக்கங்களுக்காக வாதாட வேண்டியிருந்தது, இதை விட்டுக்கொடுத்தாள். ஒன்பது கேள்விகள் இருந்த இடத்தில் ஒரே வரி உட்கார்ந்தது: 'மொத்தத்தில் பார்த்தால், நீங்கள் எவ்வளவு பக்தி உள்ளவர்?'

பதில்கள் வந்தன, கணக்குப் போட்டாள். பக்தி எண் ஏறினாலும் இறங்கினாலும் மனச்சோர்வு அசையவில்லை. படத்தில் கோடு படுத்துக் கிடந்தது. இந்த ஒரு கேள்வியை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது என்று ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு போட்டாள். பொடி எழுத்தை எவன் படிக்கிறான்? அறக்கட்டளையின் மேலாளர் முதல் பக்கத்தை மட்டும் படித்தார். 'பக்திக்கும் மனநலத்துக்கும் தொடர்பில்லை.' அம்மா இருந்த இல்லம் உட்படச் சில இல்லங்களிலிருந்து வாரா வாரம் வழிபாட்டுக் கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த வேன் நின்றது. பயன் இல்லாத காரியம் என்று நோட்டீஸ் பலகையில் ஒட்டினார்கள்.

இது புள்ளிக்குத் தெரிந்ததே தாமதமாகத்தான். ஒரு ஞாயிறு அம்மா கையை நீட்டவில்லை. நகவெட்டியை எடுத்துக்கொண்டு மகள் உட்கார்ந்திருக்க, அம்மா சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். தட்டில் சாப்பாடு போட்டது போட்டபடி இருந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. ஒண்ணுமே ஆகல இங்க."

பக்கத்துக் கட்டிலில் இருந்தவள்தான் சொன்னாள். அவள் ஒரு காலத்தில் தையல்காரி. அம்மாவுக்கு அந்த இல்லத்தில் கிடைத்த ஒரே சிநேகிதி. புள்ளி அவளைப் பெரியம்மா என்று கூப்பிடுவாள். "வண்டிய நிறுத்திட்டாங்கம்மா. அதுலேருந்து உங்கம்மா இப்படித்தான் கெடக்கா. நானும்தான். ஆனா நான் வாய்விட்டு அழுதுடறேன், இவ அழவும் மாட்டேங்குறா."

புள்ளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேன் நின்றதற்காக மட்டும் இல்லை. அவள் அம்மாவுக்குக் கடவுள் நம்பிக்கை என்பது மருந்துக்கும் கிடையாது. கணக்கு டீச்சராக இருந்தவள். நிரூபிக்காததை ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்று கல்யாண மேடையிலேயே வம்பு செய்தவள். அப்படிப்பட்டவள் எதற்காக அந்த வேனுக்கு ஏங்க வேண்டும்?

"நீ அங்க போயிட்டிருந்தியாம்மா?"

"ஒரு வாரம் விடாம."

"எதுக்கு?"

அம்மா திரும்பிப் பார்த்தாள். "பாட்டுப் புஸ்தகம் குடுக்குறது நாந்தான். வாசல்ல நின்னு ஆளுக்கு ஒண்ணு. எந்தப் பாட்டு எத்தனாம் நம்பர்னு என்னைத்தான் கேப்பாங்க. நான் வரலன்னா 'டீச்சர் எங்க'ன்னு கேப்பாங்கடி. இங்க என்னை யாரு எங்கன்னு கேக்குறா? கட்டில் நம்பர் தெரியும், அவ்வளவுதான்."

"சர்வேக்கு ஆள் வந்தாங்களே, எத்தனை சொன்னே?"

"பூஜ்யம்," என்றாள் அம்மா. "பக்தி எவ்வளவுன்னு கேட்டான். இல்லாதத இருக்குன்னா சொல்ல முடியும்?"

பெரியம்மாவைக் கேட்டாள். வாய் எப்போதும் முணுமுணுத்தபடி இருக்கிற அந்தப் பெரியம்மா, காலையில் கண் விழித்ததும் கும்பிட்டுவிட்டுத்தான் காலைத் தரையில் வைக்கிறவள், "மூணு" என்றாள்.

"மூணா? நீங்களா?"

"பின்ன? எனக்கு என்னம்மா பக்தி இருக்கு? பக்தின்னா எவ்வளவு பெரிய விஷயம். நான் பத்துன்னு சொன்னா அது திமிரு இல்லையா?"

கடைசிக் கட்டிலில் அசைய முடியாமல் கிடந்த இன்னொருத்தி, கேட்காமலேயே, "நான் பத்து சொன்னேன்" என்றாள். அவளால் எந்த வண்டியிலும் ஏற முடியாது. வலியில் ராப்பகலாகக் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பதால் பத்து. அவளுடைய மனச்சோர்வோ உச்சத்தில் இருந்தது.

புள்ளி நகவெட்டியைப் பையில் போட்டாள். கோடு ஏன் படுத்துக் கிடந்தது என்பது மூன்று கட்டில்களில் விளங்கிவிட்டது. வேனில் தவறாமல் போகிறவள் பூஜ்யம். உருகி உருகி நம்புகிறவள் அடக்கத்தால் மூன்று. போகவே முடியாமல், வலி தாங்காமல் வேண்டுகிறவள் பத்து. மூன்று வேறு வேறு சமாசாரங்களை ஒரே பானையில் போட்டுக் கலக்கி, ருசியே இல்லை என்று இவள்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அதை வைத்து இவளுடைய அம்மாவின் வண்டியையே நிறுத்தியிருக்கிறார்கள்.

மறுநாளே இயக்குநரிடம் போய் நின்றாள். மறுபடி கேட்க வேண்டும், பிரித்துக் கேட்க வேண்டும் என்றாள்.

"முடிஞ்சு போன ஆய்வ ஏன் தோண்டுறீங்க?"

"முடிவு தப்பு சார். வேன் நின்னதுக்கு அப்புறம் ஜனங்க ஒடிஞ்சு போயிட்டாங்க."

"எந்த ஜனங்க?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்கம்மா அங்கதானே இருக்காங்க?"

மறைக்க ஒன்றும் இல்லை. "ஆமா சார்."

"அப்ப இதுல நீங்க கைய வெச்சா என்ன சொல்லுவாங்க? அம்மாவுக்கு வண்டி வேணும்னு பொண்ணு கணக்க மாத்திட்டான்னு சொல்லுவாங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை. அம்மா இருந்த இல்லத்தின் பதில்களைச் சேர்த்தும் நீக்கியும் இரண்டு விதமாகக் கணக்குப் போடுகிறேன் என்றாள். முழுக் கணக்கையும் வெளி ஆள் ஒருவர் சரிபார்க்கட்டும் என்றாள். காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். கடைசியில், அவளுடைய தொல்லை தாங்காமல் அவர் சம்மதித்தார்.

வேன் நின்ற இல்லங்களும் இருந்தன, இன்னும் நிறுத்தாத இல்லங்களும் இருந்தன. இரண்டிலும் பழைய ஆட்களிடமே மறுபடி கேட்டார்கள். நம்பிக்கையைப் பற்றி: கடவுள் இருக்கிறார் என்று நினைக்கிறீர்களா, உங்கள் வாழ்க்கையைக் கவனிக்கிறாரா? சேர்ந்திருப்பதைப் பற்றி: உங்களை ஒரு சமயத்தாராகச் சொல்லிக்கொள்வீர்களா, நீங்கள் வரவில்லை என்றால் அங்கே யாராவது தேடுவார்களா? நடைமுறையைப் பற்றி: மற்றவர்களோடு கூடத்துக்கு எவ்வளவு அடிக்கடி போவீர்கள், தனியாக எவ்வளவு அடிக்கடி வேண்டுவீர்கள்? பழைய ஒற்றைக் கேள்வியையும் சோதனைக்காக இரண்டு விதமாகக் கேட்டுப் பார்த்தாள். 'பக்தி' என்ற வார்த்தையைப் போட்டால் நல்ல பக்தர்கள் கூசிக் குறைத்துச் சொன்னார்கள். 'மதப்பற்று' என்று மாற்றினால் அதே ஆட்கள், "ஐயோ, நான் அப்படிப்பட்ட வெறி பிடிச்ச ஆள் இல்ல" என்று பூஜ்யத்துக்கே இறங்கினார்கள். மனுஷர் அவரேதான், மாறியது ஒரு வார்த்தை.

பிரித்துப் பார்த்ததும் எண்கள் பேசின. நம்பிக்கை கூடக் குறைய இருப்பதற்கும் சோர்வுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. தனியாக அதிகம் வேண்டியவர்கள் அதிகம் சோர்ந்திருந்தார்கள். வேண்டுதல் சோர்வைக் கொடுத்தது என்று அதற்கு அர்த்தமில்லை. நோயும் துக்கமும் வந்ததால் வேண்டத் தொடங்கியவர்களாக இருக்கலாம். கூட்டத்தோடு போனவர்கள் தெம்பாக இருந்தார்கள். ஆனால் தெம்பாக இருப்பவர்தானே வண்டி ஏற முடியும்? அதனால் கால் பலத்தையும் முன்பு இருந்த மனநிலையையும் கணக்கில் எடுத்தாள். அதற்குப் பின்னும், வேன் நின்ற இடங்களில் முன்பு போய்க்கொண்டிருந்தவர்கள்தான் மற்ற எல்லோரையும் விட அதிகமாக இடிந்து போயிருந்தார்கள். அதிலும், தன்னைத் தேட அங்கே ஆள் உண்டு என்று சொன்னவர்கள் இன்னும் மோசம். அம்மாவின் இல்லத்தை நீக்கிப் பார்த்தாலும் கதை மாறவில்லை. வெளி ஆள் சரிபார்த்துவிட்டுச் சரி என்றார். அன்றைக்குப் புள்ளி அந்த ஜன்னல் இல்லாத அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

இதற்குள் அம்மா பாதியாகிவிட்டிருந்தாள். பெரியம்மாவின் முணுமுணுப்பும் குறைந்துவிட்டது. 

அறக்கட்டளைக் கூட்டத்தில் புள்ளி நின்று பேசினாள். பேசி முடித்ததும் மேலாளர் மலர்ந்த முகத்தோடு, "ஆக, பக்தி நல்லதுதான்னு சொல்றீங்க" என்றார்.

"இல்லங்க. பக்தின்னு ஒண்ணா சொல்லாதீங்க. சேர்ந்து போறதும், அங்க நம்மள எதிர்பார்க்க ஆள் இருக்கிறதும்தான்..."

"புரியுது, புரியுது. வண்டிய மறுபடி விடுறோம். பழைய பெரிய வண்டி இப்ப வேற வேலைக்குப் போயிடுச்சு, சின்ன வண்டிதான் இருக்கு. அதனால பக்தி உள்ளவங்களுக்கு முன்னுரிமை. அந்த ஒரு கேள்விய கேட்டுடுங்க, பூஜ்யம் முதல் பத்து. ஏழும் அதுக்கு மேலயும் சொல்றவங்கள ஏத்திக்குவோம்."

முன்பு யார் போய்க்கொண்டிருந்தார்களோ அவர்களை ஏற்றுங்கள் என்றாள். ஏழு சொன்னால்தான் இடம் என்று தெரிந்தால் எல்லோரும் ஏழு சொல்வார்கள், அப்புறம் அந்த எண்ணுக்கு மதிப்பே இருக்காது என்றாள். மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இயக்குநர் அவள் முழங்கையைத் தொட்டு உட்காரச் சொன்னார். செவிடன் காதில் ஊதிய சங்காகப் போயிற்று அத்தனை நாள் உழைப்பும்.

சேதி இல்லத்துக்கு அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. அவள் போனபோது அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள், தலை வாரியிருந்தாள்.

"எத்தனை சொன்னா வண்டியில ஏத்துவாங்களாம்? ஏழாமே?"

"அம்மா, நீ சொல்ல மாட்டே."

"சொல்லிட்டேன். காலையிலயே வந்து கேட்டாங்க. பத்துன்னு சொல்லிட்டேன்." அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள். "வகுப்புல ஒரு பிள்ளை காப்பியடிச்சாக்கூட வெளிய நிக்க வெச்சிருக்கேன். இப்ப நான் நிக்கணும். பரவால்ல. இவ தனியா எப்படிப் போவா? இவளுக்குக் கண்ணு சரியாத் தெரியாது, பாட்ட நாந்தான் காதுல சொல்லணும்."

பெரியம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, நீங்க எத்தனை சொன்னீங்க?"

அம்மாதான் மெல்லத் திரும்பினாள். "ஏண்டி, சொல்லேன். ஏழுன்னுதானே சொன்னே? நேத்து அத்தனை தடவ சொல்லிக் குடுத்தேனே?"

"முடியலடி," என்றாள் பெரியம்மா. "வாய் வரைக்கும் வந்துச்சு. அந்தப் பொண்ணு கேக்குறப்போ கடவுளே கேக்குற மாதிரி இருந்துச்சு. அவரு முன்னாடி நான் ஏழுன்னு எப்படிச் சொல்றது? மூணுன்னே வந்துடுச்சு. மூணே அதிகம்."

அம்மாவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டாம் என்று புள்ளி பின்னால் பலமுறை நினைத்தாள். நம்பாதவள் பொய் சொல்லி இடம் வாங்கிவிட்டாள். நம்பினவள் நம்பியதாலேயே இடத்தைத் தொலைத்துவிட்டாள்.

என் இடத்தை அவளுக்குக் கொடுங்கள் என்று அம்மா வார்டன் அறைக்குப் போய்க் கேட்டாள். பட்டியலை மாற்ற முடியாது என்றார்கள். வேன் வந்த அன்று, அந்தச் சின்ன வண்டி வாசலில் ஹாரன் அடித்தபடி நின்றது. அம்மா கைத்தடியை ஊன்றி வாசல் வரை போனாளாம். ஏறவில்லையாம். திரும்பி வந்து பெரியம்மாவின் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாளாம். அடுத்தடுத்த வாரங்கள் வாசல் வரைகூடப் போகவில்லை.

கொஞ்ச காலம் கழித்து இயக்குநர் புள்ளியைக் கூப்பிட்டனுப்பினார். மேலாளரும் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் வருகைப் பதிவு விரித்துக் கிடந்தது.

"பாருங்க மேடம், உங்க ஆய்வோட லட்சணத்த," என்றார் மேலாளர். "இதோ இந்த வரி, பத்துன்னு சொன்ன கேசு, ஒரு தடவகூட வரல. எட்டு சொன்னவங்க வெளிய காத்து வாங்கத்தான் வந்தோம்னு சொல்றாங்க. பக்திக்கும் வண்டிக்கும் சம்பந்தமே இல்ல. இதுக்கு எதுக்கு டீசல்?"

புள்ளி அந்த வரியைப் பார்த்தாள். கட்டில் நம்பர், பத்து, பிறகு வரிசையாக வெறும் கட்டங்கள். பேசாமல் இருந்திருக்கலாம். பேசாமல் இருந்தால் அந்த முடிவு மறுபடி ஒரு ரிப்போர்ட்டாகி மற்ற இல்லங்களின் வேன்களையும் நிறுத்தும் என்று அவளுக்குத் தெரியும்.

"அந்தப் பத்து எங்கம்மா சார்."

இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள்.

"அவங்களுக்குப் பக்தி பூஜ்யம். நெஜமான பூஜ்யம், மொதல் தடவ சொன்ன மாதிரியே. பொய் சொன்னாங்க. சிநேகிதியோட போகணும்னுதான் அப்படிச் சொன்னாங்க. அந்த சிநேகிதி மூணு சொன்னதால அவங்கள நீங்க ஏத்தல. இவங்களும் ஏறல. அந்தக் கட்டம் காலியா இருக்கிறதுக்குக் காரணம் அதுதான். அந்த சிநேகிதிய ஏத்துங்க சார், ரெண்டு பேரும் வருவாங்க. நான் எழுதித் தரேன்."

மேலாளர் பேனாவை எடுத்தார். ஒரு கணம் அவளுக்கு நம்பிக்கை வந்தது.

"தப்பான தகவல் குடுத்து வாங்குன இடம்," என்று அவர் அந்த வரியைக் கோடு போட்டு அடித்தார். "காத்திருக்கிறவங்கள்ல அடுத்த ஆளுக்குக் குடுத்துடுங்க. ஒம்பது சொன்னவர் ஒருத்தர் இருக்கார்."

அந்த வாரம் ஞாயிறு வரை காத்திருக்காமல் புள்ளி இல்லத்துக்குப் போனபோது வேன் கிளம்பிப் போயிருந்தது. பெரியம்மா கண் மூடிக் கிடந்தாள். அவளை எழுப்பிச் சாப்பிட வைப்பதே இப்போது பெரிய வேலை என்று நர்ஸ் சொன்னாள். அம்மா பக்கத்தில் அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மகள் நடந்ததைச் சொன்னாள். தன் வாயாலேயே அம்மாவின் இடம் போனதையும் சொன்னாள்.

"நல்லது பண்ணே," என்றாள் அம்மா. "அந்தப் பத்து நெஞ்சுல முள்ளு மாதிரி நின்னுச்சு. இப்பப் பழையபடி பூஜ்யம்."

அவள் நகம் வெட்டக் கையை நீட்டினாள். வெட்டிக்கொண்டிருக்கும்போது பெரியம்மா கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"டீச்சர், இந்நேரம் அங்க எந்தப் பாட்டு பாடுவாங்க?"

அம்மாவுக்கு அந்தப் புத்தகம் முழுக்க மனப்பாடம். எத்தனாவது வாரம் எந்தப் பாட்டு, எந்த நம்பர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். புள்ளி வெட்டுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

"தெரியலடி," என்றாள் அம்மா. "எனக்கு மறந்து போச்சு."